ஏறிய நெற்றிக்கு முன்முடி, குறைந்த பக்கங்கள், ஃபைபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு முடிவெட்டும் கடைகளுக்கு வரும் நம் இளைஞர்களிடம் அதிகம் பார்ப்பது ஒரு வகைதான்: நெற்றியின் இரண்டு மூலைகளும் பின்னே போயிருக்கும், நடுவில் முடி அடர்த்தியாக நிற்கும். ஆண்களின் முடி உதிர்வை நிலைகளாகப் பிரிக்கும் ஹாமில்டன்–நார்வுட் அளவுகோலில் இது 2 அல்லது 3 என்ற நிலை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு வகைக்கானவை. உச்சியும் சேர்ந்து திறந்துவிட்டவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போகலாம்.

ரெண்டு மூலையும் ஏறிப்போச்சு. முன்னாடி முடி விட்டா மறையுமா, இல்ல இன்னும் தூக்கிக் காட்டுமா?

எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீளமாக விட்டு ஒரு பக்கமாக இழுத்துச் சீவினால் தூக்கித்தான் காட்டும். ஒரு மூலை மூடும், மறு மூலை இன்னும் ஆழமாகத் தெரியும். மின்விசிறிக் காற்றுக்கே முடி பிரிந்துவிடும். முடியைக் குட்டையாக, சுழியிலிருந்து நெற்றிப் பக்கமாக முன்னே கொண்டுவந்து, முனை நேர்க்கோடாக இல்லாமல் சற்றுச் சிதறினாற்போல் விட்டால் பார்ப்பவர் கண் மூலைகளுக்குப் போகாது. முடி எங்கே முடிகிறதோ அதைத்தான் கண் நெற்றியின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். மூலையை முழுக்க மூட வேண்டியதில்லை. ஆரம்பிக்கும் இடம் கீழே வந்தால் போதும்.

ஒரு மூலை மற்றதைவிட ஆழமாக இருந்தால், முன்முடியை அந்த ஆழமான பக்கம் லேசாகச் சாய்த்து விடுங்கள். ஒரு விரல் அகலச் சாய்வு போதும். அதற்கு மேல் சாய்த்தால் மறுபடி ஒதுக்கிச் சீவிய முடிதான்.

எவ்வளவு நீளம் விடணும்? அளவு சொன்னா நல்லா இருக்கும்.

ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மூன்று அளவு எடுங்கள்: நடு முடிக்கோட்டிலிருந்து புருவம் வரை, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை, அங்கிருந்து தாடை முனை வரை. இம்மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது முகம் சமமாகத் தோன்றும்.

ஒருவருடைய அளவுகள் 7.5, 6.5, 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலைகள் நடுக்கோட்டைவிட 3 செ.மீ. பின்னே இருக்கின்றன. நெற்றி 1 செ.மீ.தான் கூடுதல். ஆனால் மூலைகளும் சேர்ந்து இழுப்பதால் கண்ணுக்கு அதைவிட உயரமாகத் தெரிகிறது. அதனால் முன்முடி நடுவில் 2 முதல் 2.5 செ.மீ. வரை நெற்றியை மூட வேண்டும். சில முனைகள் குட்டையாகவும் சில நீளமாகவும் இருப்பதால், புருவத்துக்கு மேல் 5 செ.மீ. முதல் 6 செ.மீ. வரை நெற்றி தெரியும். புருவத்தைத் தொடும் அளவுக்கு இறக்கத் தேவையில்லை. அவ்வளவு நீளம் போனால் முடி எடை தாங்காமல் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, பின்னால் உள்ள மூலையைத் திறந்து காட்டிவிடும்.

இப்போது வெட்டும் நீளம். முடி வேரிலிருந்து நேராகக் கீழே விழாது. கொஞ்சம் எழும்பி, வளைந்துதான் விழும். ஆகவே நடுவில் 2 செ.மீ. மூட, காய்ந்த முடி சுமார் 4.5 செ.மீ. இருக்க வேண்டும். மூலைக்குப் பின்னால் முளைக்கும் முடியோ முதலில் அந்த 3 செ.மீ. வெற்றிடத்தைக் கடந்து வர வேண்டும். அதற்கு 6 செ.மீ.க்கு மேல் தேவை.

பெரும்பாலான வெட்டுகள் கெட்டுப்போவது இங்கேதான். முன்முடியை விரல்களுக்கு இடையே மேலே தூக்கிப் பிடித்து ஒரே நீளமாக வெட்டினால், நடுமுடி சரியாக விழும். மூலைமுடி குட்டையாகி நெற்றியை எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். முடியை எல்லாம் முன்னே சீவி, நெற்றிமேல் படுக்கவைத்து, அங்கேயே முனைகளை வெட்டச் சொல்லுங்கள். அப்படி வெட்டினால் பின்னாலிருந்து வரும் மூலைமுடி தானாகவே நீளமாக அமைந்துவிடும்.

சைடுல நம்பர் ஒன்னா, ரெண்டா? ஃபேட் எவ்வளவு உசரம் வரலாம்?

கீழே நம்பர் ஒன்று (3 மி.மீ.), காதுக்கு மேலே நம்பர் இரண்டு (6 மி.மீ.), அதற்கு மேல் கத்தரி. மேலே சொன்னவருக்கு இதுதான் பொருந்தும்.

காதுக்கு மேலே பக்கங்களில் முடி பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருக்கும், அங்கே கொட்டுவது குறைவு. அதை நீளமாக விட்டால் இரண்டு பக்கமும் புடைத்து நின்று, நடுவிலுள்ள மூலை குழி போலத் தெரியும். பக்கங்களைக் குறைத்தால் அந்த அடர்த்தி வேறுபாடு மங்கும். மேலே உள்ள முடியும் கனமாகத் தோன்றும்.

ஆனால் இதில் எல்லை மீறுவது எளிது. தோல் தெரியும் ஃபேட்டை மூலை வரை ஏற்றிவிட்டால், பக்கத்து வெறுமையும் மூலை வெறுமையும் ஒன்றாகச் சேர்ந்து, முன்முடி ஒரு தீவு மாதிரி தனியே நிற்கும். ஃபேட் புருவத்தின் வெளிமுனை உயரத்தோடு நிற்கட்டும். அதற்கும் மூலைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு 6 முதல் 10 மி.மீ. முடி கட்டாயம் இருக்க வேண்டும். முகம் நீளமானவர்கள் நம்பர் மூன்றுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பக்கம் ஒட்டிப்போனால் முகம் மேலும் நீளும். கூடவே 3 முதல் 5 மி.மீ. தாடி வைத்தால் முகத்தின் கனம் கீழே இறங்கும்.

கடையில உட்கார்ந்ததும் அண்ணன் மிஷின வச்சு முன்னாடி நேரா லைன் போட்டுர்றாரு. எப்படிச் சொல்றது?

போர்வை போர்த்தும் முன்பே சொல்லுங்கள்: “அண்ணே, முன்னாடி லைன் போடாதீங்க. மிஷின் நெத்திக்கு வேண்டாம். மூலையில இருக்கிற பூனமுடிய அப்படியே விடுங்க.”

லைன் போடும்போது நேராக்குவதற்காக ஒரு பக்கம் ஒரு மி.மீ. எடுப்பார்கள், சமமாக்க மறுபக்கம் ஒன்று. ஒவ்வொரு முறையும் முடிக்கோடு கொஞ்சம் பின்னே போகும். அதைவிட மோசம், மூலையில் உள்ள மெல்லிய முடி போய்விடுவது. அந்தப் பூனைமுடிதான் தோலுக்கும் அடர்ந்த முடிக்கும் நடுவே நிழல் மாதிரி நின்று விளிம்பை மென்மையாக்குகிறது. நான்கைந்து நாளில் அங்கே முள்முள்ளாக முளைக்கும்போது, உண்மையான கோடு எங்கே, மிஷின் போட்ட கோடு எங்கே என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லுங்கள்: முன்பக்கத்தில் பல் கத்தரி வேண்டாம். அது அடர்ந்த முடியைக் குறைக்கும் கத்தரி. ஏற்கெனவே மெலிந்த இடத்தில் வேரோடு ஒட்டிக் குறைத்துவிடும். சிதறிய முனை வேண்டுமென்றால் சாதாரணக் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியில் மட்டும் 1 செ.மீ. ஆழத்துக்குக் கொத்தி விடுவார்கள். “நுனிய மட்டும் கொத்தி விடுங்க” என்றால் பிரிக்பீல்ட்ஸிலும் புரியும், பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் புரியும். வார்த்தையில் சந்தேகம் என்றால் படம் ஒன்றைக் காட்டுங்கள். ஆனால் உங்களைப் போலவே மூலை ஏறிய ஒருவரின் படமாகப் பார்த்துக் காட்டுங்கள்.

பக்கங்களை மூன்று வாரத்துக்கு ஒருமுறையும், முன்முடியை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறையும் வெட்டினால் போதும். இரண்டையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று ஒன்றுமில்லை.

எனக்குச் சுருட்டை முடி. ஈரத்துல நெத்தி வரைக்கும் வருது, காஞ்சா மேல ஏறிடுது.

சுருட்டை காயும்போது சுருங்கும். ஈரத்தில் 6 செ.மீ. இருப்பது காய்ந்ததும் 4 செ.மீ. ஆகலாம். அதனால் உங்கள் முன்முடியைக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒன்றரை விரற்கடை கூடுதலாக விட்டு, காய்ந்தபின் திருத்த வேண்டும். மற்றபடி, ஏறிய நெற்றிக்குச் சுருட்டை பெரிய உதவி. ஒவ்வொரு சுருளும் அகலமான இடத்தை அடைக்கும். நேர்முடிக்காரருக்கு மூன்று மயிர் செய்வதை உங்களுக்கு ஒன்று செய்யும். அயர்ன் போட்டு நேராக்கிவிடாதீர்கள்.

தினமும் தேங்காய் எண்ணெய் வச்சுத்தான் பழக்கம். விடணுமா?

இரவில் வைத்து, காலையில் ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். காலையில் வைத்துக்கொண்டு வெளியே போவதை விட வேண்டியிருக்கும். எண்ணெய் பட்ட முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகும்; கற்றைகளுக்கு நடுவே தோல் தெரியும். பளபளப்பும் அப்படித்தான்: தலைத்தோலின் மினுமினுப்பைக் கூட்டிக் காட்டும். ஜெல்லும் ஈரப்பளபளப்புள்ள கிரீமும் இதே கணக்கில் சேரும்.

அவற்றுக்குப் பதில்: துண்டால் ஒற்றிய முடியில் உப்பு ஸ்ப்ரே மூன்று நான்கு தடவை அடித்து, டிரையரைப் பின்னந்தலைக்கு மேலே பிடித்து நெற்றி நோக்கி ஊதுங்கள். மிதமான சூட்டில் இரண்டு நிமிடம், விரலால் வேரை அசைத்துக்கொண்டே. பிறகு பளபளப்பில்லாத களிமண் வகை மெழுகு, அரைப் பட்டாணி அளவு. உள்ளங்கையில் அது தெரியாமல் போகும்வரை தேய்த்து, முன்முடியின் நுனியை மட்டும் கிள்ளி விடுங்கள். வேரில் படக்கூடாது.

ஃபைபர் வாங்கிப் போட்டேன், நெத்தியில கரி பூசின மாதிரி இருக்கு. என்ன தப்பு?

விளிம்பில் போட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் முதல் முறை அங்கேதான் போடுவார்கள், ஏனென்றால் வெறுமை தெரிவது அங்கேதான். ஆனால் ஃபைபர் என்பது கெரட்டின் அல்லது பருத்தி இழைகளைத் தூளாக நறுக்கியது. நிலைமின்சாரத்தால் இருக்கிற முடிமேல் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தடிப்பாக்கும். முடி இல்லாத தோலில் அதற்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கே விழுந்தால் தூளாகவே கிடக்கும், வியர்த்ததும் பிசுபிசுக்கும். மூலை வெறுமையை ஃபைபரால் நிரப்ப முடியாது. மூலைக்குப் பின்னால் மெலிந்து நிற்கும் முடியைக் கனமாக்கலாம். அந்த முடி முன்னே விழுந்து மூலையை மூடும். இந்த வரிசையை மனதில் வைத்தால் பாதித் தவறு நீங்கும்.

போடும் முறை இது. முடி முழுக்கக் காய்ந்து, சீவி, முன்முடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தபின் தொடங்குங்கள். முன்முடியை ஒரு கையால் தூக்கி, ஃபைபரோடு விற்கும் அடர்பல் சீப்பை முடிக்கோட்டுக்கு ஒரு செ.மீ. பின்னால் படுக்கவைத்துப் பிடியுங்கள். தூள் முன்பக்கம் கொட்டாமல் அது தடுக்கும். புட்டியைச் சாய்த்து விரலால் தட்டுங்கள், ஒரு பக்கத்துக்கு நான்கு ஐந்து தட்டு. உள்ளங்கையால் மெதுவாக ஒற்றுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். குறைந்தால் இன்னும் இரண்டு தட்டு. போதும். பிறகு பிடிப்பு ஸ்ப்ரேயை ஒரு முழங்கைத் தூரத்திலிருந்து இரண்டு தடவை அடித்து, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அதன்பின் சீப்பு கூடாது. விரலால் நுனியை மட்டும் சரிசெய்யலாம்.

மெழுகை முதலிலேயே, நுனியில் மட்டும் வைத்திருக்க வேண்டும். ஃபைபர் போட்ட இடத்தில் மெழுகு பட்டால் உருண்டை உருண்டையாகத் திரளும்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் அலைபவர்கள் பலருக்கு நுனி பழுப்பேறியிருக்கும். ஆனால் பொருத்த வேண்டியது வேர் நிறம். நுனியைப் பார்த்து வாங்கினால் தலைத்தோலுக்குப் பக்கத்தில் செம்பட்டை நிழல் தட்டும்.

சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க லிஃப்டுக்குள் போய் நின்று ஒரு படம் எடுங்கள். தலைக்கு நேர்மேலிருந்து விழும் வெளிச்சம்தான் கடுமையான சோதனை. அதில் முடிக்கோடு கூர்மையான கறுப்பு ஓரமாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். ஓரம் மெலிந்து, பின்னே போகப் போக அடர்ந்தால் சரி.

மோட்டார்லதான் வேலைக்குப் போறேன். ஹெல்மெட்டுக்கு என்ன பண்றது?

ஃபைபரை வேலையிடத்துக்குப் போய்ப் போடுங்கள். வேறு வழி இதில் இல்லை. ஹெல்மெட்டின் உட்பஞ்சு நெற்றிமேட்டில்தான் அழுத்தும். கழற்றும்போது அது பின்னோக்கி உரசிக்கொண்டு போகும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்டது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

முன்முடியைக் காப்பாற்ற முடியும். தலை ஈரமாக இருக்கும்போது ஹெல்மெட் போடாதீர்கள். ஈரமுடி எந்தத் திசையில் நசுங்குகிறதோ அதே திசையில் காயும். மாட்டும் முன் முன்முடியை நெற்றிமேல் கீழ்நோக்கித் தடவி, மெல்லிய பருத்திக் குல்லாயைப் போட்டு, அதன்மேல் ஹெல்மெட் மாட்டுங்கள். கழற்றியதும் விரல் நுனியை லேசாக ஈரமாக்கி முன்முடியின் வேரை இருபது முப்பது வினாடி தேய்த்துவிட்டால் எழும்பும். முன்முடியை 4 செ.மீ. அளவில் குட்டையாக வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம்.

இந்த ஊர் புழுக்கத்துல ஃபைபர் நிக்குமா? மழை வந்தா?

ஏர்கான் அலுவலகத்தில் நாள் முழுக்க நிற்கும். மதிய வெயிலில் நடந்துபோய்ச் சாப்பிட்டுவரும் அளவு வியர்வையையும் தாங்கும். துடைப்பதில்தான் கெடும். கைக்குட்டையால் நெற்றியைக் குறுக்கே இழுத்துத் துடைத்தால் கறுப்புக் கோடு இழுபடும். டிஷ்யூவை மடித்து, முடிக்கோட்டுக்குக் கீழே வைத்து அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. கோயிலில் திருநீறு இடும்போதும் கையை முடிவரை கொண்டுபோகாதீர்கள், வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும்.

சாயங்கால மழையில் நனைந்துவிட்டால் காயட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழிப்பறைக்குப் போய் முழுக்க அலசிவிடுவதுதான் நல்லது. பாதி நனைந்த ஃபைபர் திட்டுத்திட்டாகக் காயும். விளையாட்டுக்கும் நீச்சலுக்கும் போடவே வேண்டாம். தூங்கும் முன் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் தலையணை உறை சொல்லிவிடும்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டேன். முன்முடி எப்ப வரும்?

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். நடுவில் 4.5 செ.மீ. வர நான்கரை மாதம், மூலைக்குப் பின்னே 6 செ.மீ. வர ஆறு மாதம். முதல் ஒன்றரை மாதம் ஒன்றும் செய்ய வேண்டாம். குட்டையாக எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும்போது மூலை அவ்வளவு உறுத்தாது. இரண்டாம் மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை பக்கங்களை மட்டும் நம்பர் இரண்டில் எடுங்கள், மேலே கத்தரி படக்கூடாது. மூன்றாம் மாதம்தான் சிரமம்: முடி மூலையை எட்டாது, படியவும் படியாது, முள்ளாக நிற்கும். பலர் பொறுமையிழந்து மொத்தமாக வெட்டுவது அப்போதுதான். அந்த மூன்று நான்கு வாரம் தினமும் டிரையரால் முன்னோக்கி ஊதினால் முடி அந்தத் திசைக்குப் பழகும்.

மினாக்சிடில் போடுறேன். மேல ஃபைபர் போடலாமா?

போடலாம், மருந்து முழுக்கக் காய்ந்தபின். திரவ மருந்து சிலருக்குக் காய்ந்த பிறகும் பிசுக்காக நிற்கும். அதன்மேல் ஃபைபர் சேறாகும். நுரை வகை சீக்கிரம் காயும். விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரமோ பிசுக்கோ இல்லையென்றால் போடுங்கள். ஃபைபரை முதலில் போட்டு அதன்மேல் மருந்தை விடக்கூடாது, மருந்து தோலுக்குப் போய்ச் சேராது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், அப்போது முன்முடி மெலிந்து தெரியும். அந்த நேரத்தில் அதை ஒரு செ.மீ. குட்டையாக்கினால் சமாளிக்கலாம்.

இதெல்லாம் எனக்குச் சரிவருமா, வராதான்னு எப்படித் தெரியும்?

முடியை நனைத்து, நெற்றிமேல் படுக்கவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே நின்று பாருங்கள். நடு முன்முடியின் ஊடே நெற்றித் தோல் முழுக்கத் தெரிந்தால், முன்னே கொண்டுவருவதற்குப் போதிய முடி இல்லை. மூலைகள் காதுக்கு நேர்மேல் வரை போயிருந்தாலும், உச்சியும் மூலையும் ஒன்றை ஒன்று எட்டிவிட்டாலும் அப்படியே. அந்த நிலையில் முன்முடி மூன்று நான்கு இழைகளாகப் பிரிந்து, எதை மறைக்க முயல்கிறோமோ அதையே காட்டும். அப்போது நம்பர் ஒன்று அல்லது இரண்டில் தலை முழுவதும் எடுத்து, தாடியைச் சீராக வைப்பது நிச்சயம் நன்றாக இருக்கும்.

வட்டவட்டமாகக் கொட்டினால், தோல் சிவந்து செதில் எழுந்தால், எரிச்சல் இருந்தால், புருவமும் சேர்ந்து மெலிந்தால், அல்லது ஓரிரு மாதத்துக்குள் திடீரென்று நெற்றி ஏறினால் ஃபைபர் புட்டியை மூடிவைத்துவிட்டு முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் பார்க்கும் நாளில் தலையைக் கழுவி, எதுவும் போடாமல் போங்கள்.